நெற்றிச்சுட்டி நழுவாமல், தலை வலிக்காமல்: மணப்பெண்ணின் தலை நகையைப் பொருத்தும் முறை

கல்யாணத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு நகைப்பெட்டியைத் திறந்த பிறகுதான், நெற்றிச்சுட்டியின் சங்கிலி நீளம் பத்தவில்லை என்று பல வீடுகளில் தெரிய வருகிறது. கொக்கி உச்சி வரை எட்டாது. பக்கத்தில் இருக்கும் யாராவது, "ஒரு ஸ்லைடு குத்தினா நின்னுடும்" என்பார்கள். கண்ணாடி முன்னால் நிற்கும் வரை அது நிற்கும். பெரியவர்கள் காலில் விழுந்து எழும்போது சுட்டி புருவத்தின் மேல் சாய்ந்து கிடக்கும்.

சொந்தக்காரப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து பழகியவள் நான். முதல் சில கல்யாணங்களில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். நகையை முடியில் மாட்டினால் போதும் என்று நினைத்ததுதான் காரணம். வகிட்டின் இரு பக்கமும் இருக்கும் முடி வழவழப்பானது. அதில் கொக்கியை நேராக மாட்டினால் நாலைந்து இழைகள்தான் அதில் சிக்கும். மொத்த எடையும் அந்த இழைகளில் தொங்கும். ஒன்று கொக்கி வழுக்கும், இல்லையென்றால் அந்த ஒரு புள்ளியில் விண்விண் என்று வலிக்கும். நகை எதுவானாலும் அதற்கென்று முடியில் ஒரு கட்டு முதலில் போட்டு, அந்தக் கட்டில்தான் நகையை உட்கார வைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கட்டை எங்கே, எப்படிப் போடுவது என்பதுதான்.

முதலில் தராசு

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், தலையில் ஏறப்போகும் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நெற்றிச்சுட்டி, சூரிய பிரபை, சந்திர பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாம். சவுரியையும் பூவையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவைதான் கணக்கில் வராமல் போகும். பார்வைக்கு ஒரே அளவாக இருக்கும் இரண்டு ராக்கொடிகளில் ஒன்று வெள்ளியில் தங்க முலாம் பூசிய கோயில் நகையாகவும், இன்னொன்று பித்தளைத் தகட்டில் கல் ஒட்டிய கவரிங்காகவும் இருக்கலாம். கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்ல முடியாது.

என் சின்னம்மா மகளுக்குச் செய்த கணக்கைச் சொல்கிறேன். அவளுக்குத் தோள் வரைக்கும்தான் முடி, அதுவும் மெல்லிய முடி. வீட்டில் எடுத்து வைத்திருந்தது இவ்வளவு: நெற்றிச்சுட்டி 22 கிராம், பிரபை இரண்டும் சேர்த்து 30, ராக்கொடி 38. இந்த மூன்றும் தலையின் மேலேயே உட்காருபவை, மொத்தம் 90 கிராம். அதற்குக் கீழே தொங்குபவை ஜடைநாகம் 190, குஞ்சலம் 70, சவுரி 100, ஜடை முழுக்கப் பூ 200. ஆக, 560 கிராம் பின்னலில் தொங்கும். எல்லாம் சேர்த்து 650 கிராம்.

மேலே உட்காரும் 90 கிராமைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அது மண்டையின் மேல் பரவி நிற்கும், கட்டு சரியாக இருந்தால் போதும். தொங்கும் 560 கிராம்தான் பிரச்சினை. அவளுடைய மெல்லிய முடியில் போடும் ஒரே ஒரு கட்டு அவ்வளவையும் நாலு மணி நேரம் தாங்க வேண்டும். திரும்பும்போதெல்லாம் அது ஆடி இழுக்கும். அதனால் அங்கேதான் குறைத்தோம். முழு ஜடைநாகத்துக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் 8 கிராம் எடையுள்ள ஐந்து ஜடைப்பில்லைகளை வைத்தோம், 40 கிராம். உலோகக் குஞ்சலத்துக்குப் பதில் பட்டு நூல் குஞ்சலம், 40 கிராம். பூவை ஜடையின் மேல்பாதியோடு நிறுத்தினோம், 100 கிராம். சவுரி அதேதான். தொங்கும் எடை 280 கிராமுக்கு இறங்கியது, சரியாகப் பாதி. மொத்தம் 370. போட்டோவில் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. பில்லைகளுக்கு நடுவே பின்னல் தெரிந்தது இன்னும் அழகாகத்தான் இருந்தது.

சின்னம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜடைநாகம் அவருடைய அம்மாவுடையது. அதை மறுநாள் மறுவீட்டுக்கு, வெறும் பின்னலில் பூ இல்லாமல் வைத்துக்கொள்வது என்று முடிவானது. குடும்ப நகையை ஒதுக்குவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே முகூர்த்தத்தில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒத்திகையில் பார்க்க வேண்டியவை

அதே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முழு எடையோடு ஒரு முறை அலங்காரம் செய்து பாருங்கள். அன்றைக்கே சங்கிலியை அளந்துவிடலாம். பொட்டு வைக்கும் இடத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே சுட்டியின் கீழ்நுனி வரட்டும். அங்கிருந்து வகிட்டின் வழியே ஒரு நூலை வைத்து, சங்கிலியின் கொக்கி எந்த இடத்தில் வந்து முடிகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் கட்டு வர வேண்டும். மிகவும் முன்னால் முடிந்தால் நகைக்கடையில் கொடுத்து இரண்டு மூன்று வளையம் சேர்த்து வாங்கலாம். கல்யாணத்தன்று அதைச் செய்ய முடியாது.

சுட்டியின் பின்புறத்தைப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்கேயாவது மாட்டினால் அந்த விளிம்பு நெற்றியையும் கீறும், பட்டுப் புடவையையும் இழுக்கும். கடையில் ராவித் தரச் சொல்லுங்கள். கவரிங் நகையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அதில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும், அந்த அரிப்பு உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். முழங்கையின் உள்பக்கத்தில் சுட்டியை ஒட்டி வைத்துச் சில மணி நேரம் இருந்துவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். நெற்றியில் முதல் முதலாகக் கல்யாணத்தன்றைக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஒத்திகையின்போது பெண்ணை சும்மா உட்கார வைக்காதீர்கள். குனிந்து நிமிரட்டும், தரையில் உட்கார்ந்து எழட்டும், இரண்டு பக்கமும் திரும்பட்டும். பத்து நிமிடத்துக்குள் ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் அது ஒரு ஸ்லைடு குத்துவது, இல்லையென்றால் சில இழைகள் மட்டும் இழுபடுவது. தலையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது போல் இருந்தால் பின்கட்டு இறுக்கம். என் சின்னம்மா மகள், "அக்கா, இந்த இடத்துல மட்டும் சுள்ளுனு இருக்கு" என்று உச்சியைக் காட்டினாள். அங்கே நான் குத்திய ஸ்லைடின் நுனி மண்டையில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் படுக்கையாகக் குத்தியதும் சரியாகிவிட்டது. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் தாலி கட்டுவதற்குள் முழுத் தலைவலி ஆகியிருக்கும்.

முடியைத் தயார் செய்தல்

தலைக்குக் குளிப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். கண்டிஷனர் போட்டால் நுனியில் மட்டும் போடுங்கள், வேர்ப்பக்கம் வேண்டாம். நம் வீடுகளில் காலையில் மங்கள ஸ்நானத்துக்கு எண்ணெய் வைப்பது உண்டு. பெரியவர்கள் வைக்கும் எண்ணெயை மறுக்க வேண்டியதில்லை. உச்சியில் இரண்டு சொட்டு மட்டும் வைத்து ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள், பின்னந்தலையில் பூசிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். அப்புறம் அந்த இடத்தில் டிரை ஷாம்பூ தூவி, சீப்பால் வாரிவிட்டால் வழுக்கல் போய்விடும்.

அன்று காலையும் தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்றால், முடி வேர் வரைக்கும் காயும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈர முடி எளிதில் நீளும், அறுந்தும் போகும். அதில் இறுக்கிக் கட்டி எடையை ஏற்றுவது முடிக்கு நல்லதல்ல.

கட்டுகள்

வகிடு எடுத்ததும், முன்பக்க முடியை இரண்டு பக்கமும் தனியாகப் பிரித்துக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். இந்த முடியில் தொங்கும் எடை எதுவும் வரக் கூடாது. நெற்றியோரத்து முடி மெல்லியது, எளிதில் வேரோடு வரும்.

பின்கட்டு அடுத்தது. மீதி முடியைச் சேர்த்து, காதின் மேல்நுனிக்கு நேராகப் பின்னந்தலையில் ரப்பர் பேண்ட் போடுங்கள். கழுத்தோரம் இறக்கிக் கட்டினால் நகையின் எடை பிடரியில் இருக்கும் சின்ன முடிகளை இழுக்கும். ரப்பர் பேண்டின் மேல் கறுப்பு நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். ரப்பர் மட்டும் இருந்தால் எடை ஏற ஏற நீண்டு கட்டு கீழே இறங்கிவிடும். நூல் நீளாது. கட்டி முடித்ததும் பெண்ணைப் புருவத்தை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். தோல் இழுபடாமல் எளிதாக உயர்ந்தால் இறுக்கம் சரி.

சவுரியை இந்த வேரிலேயே கட்டிவிட்டுப் பின்னல் போட வேண்டும். பின்னலின் நடுவில் சேர்த்தால், அங்கிருந்து கீழே உள்ள எடை முழுவதும் சொந்த முடியின் நுனியில் தொங்கும். குட்டை முடிக்காரர்களுக்குப் பின்னல் பாதியில் கழன்று விழுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். சவுரியின் மேல் வளையத்துக்குள் நூலை விட்டுப் பின்கட்டோடு சுற்றி, இரண்டு யூ பின்னை எதிரெதிராகக் குத்துங்கள்.

ஜடைப்பில்லைகளைப் பின்னலில் செருகி விடாமல் ஊசி நூலால் தைத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தையல் போதும். பில்லையின் பின்னால் இருக்கும் வளையத்தில் நூலை விட்டு, பின்னலின் மூன்று கால்களையும் பிடித்துத் தைக்க வேண்டும். ஒரு காலை மட்டும் பிடித்தால் பில்லை பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

ராக்கொடி பின்கட்டுக்கு நேர் மேலே உட்காரும். அதன் பின்னால் இரண்டு பக்கமும் வளையம் இருக்கும். அந்த வளையங்களில் கறுப்பு நூலை விட்டு, பின்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டுங்கள். ஸ்லைடு மட்டும் போட்டால், பூச்சரம் சுற்றும்போது ராக்கொடி சரிந்துவிடும். நூல் எடையைத் தாங்கும், ஸ்லைடு ஆடாமல் பிடிக்கும். இரண்டும் வேண்டும்.

ஸ்லைடு குத்துவதில் ஒரு சின்ன விஷயம். அதன் ஒரு கால் நேராக இருக்கும், இன்னொன்று நெளிநெளியாக இருக்கும். நெளி உள்ள கால் மண்டையைத் தொடும்படி குத்துங்கள், அதுதான் முடியைப் பிடிக்கும். இரண்டை எக்ஸ் போலக் குறுக்கே குத்தினால், ஒன்றை ஒன்று பூட்டிக்கொண்டு நிற்கும். ரொம்ப வழுக்கும் முடியாக இருந்தால் ஸ்லைடின் மேல் கொஞ்சம் ஹேர் ஸ்ப்ரே அடித்து, காயும் முன் குத்துங்கள்.

நெற்றிச்சுட்டி கடைசியில்

மேக்கப்பும் புடவையும் முடிந்த பிறகுதான் சுட்டியை எடுக்க வேண்டும். ஆனால் அதற்கான கட்டை, வகிடு எடுத்தபோதே போட்டிருக்க வேண்டும். ஒத்திகையில் குறித்த இடத்தில், வகிட்டின் இரு பக்கமிருந்தும் சேர்த்துச் சுண்டு விரல் தடிமனுக்கு முடி எடுத்து, சின்ன ரப்பர் பேண்ட் போடுங்கள். அதை ஓர் அங்குலம் சின்னப் பின்னலாகப் பின்னிப் பின்பக்கமாகப் படுக்க வைத்து, இரண்டு ஸ்லைடைக் குறுக்காகக் குத்துங்கள். மேலே முடியை வாரி மூடினால் வெளியே தெரியாது. சுட்டியின் கொக்கி அந்த ரப்பர் பேண்டின் வேருக்குள் போக வேண்டும்.

மாட்டியதும், சங்கிலியை இரண்டு விரலால் நெற்றிப் பக்கமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொக்கி நகர்ந்தால் கட்டு தளர்வு. நகராமல், தலைத்தோல் மட்டும் ஒரு புள்ளியில் கூடாரம் போல எழும்பினால், மிகக் கொஞ்சம் முடியில் கட்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் அகலமான இடம் முழுவதும் சேர்ந்து லேசாக நகர வேண்டும். அப்போதுதான் எடை பரவியிருக்கிறது என்று அர்த்தம்.

சங்கிலியை விறைப்பாக இழுத்து மாட்டாதீர்கள். பேசும்போதும் சிரிக்கும்போதும் நெற்றித்தோல் அசையும். சங்கிலி விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கட்டை இழுக்கும். வகிட்டில் படிந்து கிடக்கும் அளவு மட்டும் இருக்கட்டும். நெற்றியோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, சங்கிலியின் ஒரு வளையத்துக்குள் சின்ன ஸ்லைடு ஒன்றைச் செருகுங்கள். குனியும்போது சங்கிலி வகிட்டைவிட்டு நகராமல் இது பார்த்துக்கொள்ளும். சுட்டி அடிக்கடி புரண்டு பின்புறம் காட்டினால், முதலில் சங்கிலி முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணம். அப்படியும் ஆடினால், விக் ஒட்டும் இருபக்க டேப்பைச் சின்னத் துண்டாக வெட்டிச் சுட்டியின் பின்னால் ஒட்டலாம். ஹோமப் புகையில் வியர்த்தால் டேப் விட்டுவிடும். அதனால் அதை ஆட்டத்தை நிறுத்த மட்டும் நம்புங்கள், எடையைத் தாங்க நம்பாதீர்கள். வீட்டில் இருக்கும் சூப்பர் பசை பக்கமே போகக் கூடாது.

வடக்கத்திப் பாணி மாங் டீக்காவுக்கும் இதே முறைதான். மாங் என்றாலே வகிடு. பக்கவாட்டில் சங்கிலி போகும் மாத்தா பட்டியாக இருந்தால் கொக்கி மூன்று, கட்டும் மூன்று வேண்டும். நடுச்சங்கிலியை முதலில் மாட்டி, பெண் நேராகப் பார்க்கும்போது பக்கச் சங்கிலிகளை மாட்டுங்கள். தலை சாய்ந்திருக்கும்போது மாட்டினால் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

பிரபைகள் வகிட்டின் இரு பக்கமும் நெற்றியோரத்துக்குக் கொஞ்சம் பின்னால் வரும். சூரியன் பெண்ணின் வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம். கண்ணாடியைப் பார்த்து வைக்கும்போது கை தடுமாறி மாறிவிடும், கவனியுங்கள். அவை உட்காரும் இடத்தில் முடியை வேர்ப்பக்கமாகக் கொஞ்சம் பின்னோக்கிச் சீவிப் புஸுபுஸு என்று ஆக்கிக்கொண்டால் ஸ்லைடுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

மாட்டல் காது நகைதான் என்றாலும் அதன் வேலை முடியில் நடக்கிறது. ஜிமிக்கியின் எடையைக் காது மடலிலிருந்து எடுத்து முடிக்குக் கொடுப்பது அது. தளர்வாக மாட்டினால் அந்த வேலையைச் செய்யாது, மாட்டலின் எடையும் சேர்ந்து காதிலேயே தொங்கும். காதுக்கு மேலே சின்னக் கட்டு ஒன்று போட்டு, ஜிமிக்கி மயிரிழை அளவுக்கு மேலே தூக்கும்படி கொக்கியை மாட்டுங்கள். காது ஓட்டை நீண்டு தெரியவில்லை என்றால் சரியாக மாட்டியிருக்கிறது.

மணமேடையில்

மூன்று இடங்களில்தான் நகை நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது மாலை மாற்றும்போது. கனமான மாலை தலைக்கு மேலாக வரும்போது அதன் நார் சுட்டியிலோ பிரபையிலோ மாட்டும். பெண் தலையைக் குனிவதைவிட, மாலையை அகலமாக விரித்துப் போடச் சொல்வது நல்லது. இரண்டாவது தாலி கட்டும்போது. நாத்தனார் முடிச்சுப் போட வசதியாக யாராவது ஜடையைத் தூக்குவார்கள். குஞ்சலத்தைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் மொத்தப் பின்கட்டும் அசையும். ஜடையின் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தித் தூக்க வேண்டும். இதை அத்தையிடமோ தோழியிடமோ முன்கூட்டியே சொல்லி, அவர்தான் தூக்க வேண்டும் என்று பொறுப்புக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, ஊஞ்சலில் உட்காரும்போது ஜடை பின்னால் சங்கிலிக்கும் பலகைக்கும் நடுவில் சிக்குவது. ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார வையுங்கள்.

பொறுப்பில் இருப்பவர் கையில் ஆறு ஸ்லைடு, இரண்டு யூ பின், நூல் கோத்த ஊசி ஒன்று, சின்னக் கத்தரி ஒன்று இருந்தால் போதும்.

கழற்றுவது

களைப்பில் இழுத்துக் கழற்றும்போதுதான் முடி அதிகம் போகும். முதலில் சுட்டியும் பிரபையும், அப்புறம் மாட்டல், அப்புறம் பூ. ஜடையை மடியில் வைத்துக் கீழிருந்து மேலாகக் குஞ்சலம், பில்லை என்று வாருங்கள். நூலை இழுக்காமல், விரலால் தூக்கிப் பிடித்துக் கத்தரியின் நுனியால் வெட்டுங்கள். சின்ன ரப்பர் பேண்டுகளையும் வெட்டிவிடுவதுதான் நல்லது, உருவினால் முடியையும் சேர்த்துக்கொண்டு வரும். பின்கட்டைக் கடைசியாக எடுத்துவிட்டு, சீப்பு போடும் முன் விரலால் தலையை மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

காலையில் எத்தனை ஸ்லைடு குத்தினீர்கள் என்று எழுதி வைத்திருந்தால் இப்போது எண்ணிப் பார்க்கலாம். என் சின்னம்மா மகளுக்கு 34. அன்றிரவு 33தான் கிடைத்தது. அந்த ஒன்று ராக்கொடி இருந்த இடத்துக்குக் கீழே, பிடரிக்குக் கொஞ்சம் மேலே ஒளிந்துகொண்டிருந்தது. தேடி எடுத்துவிட்டுத்தான் அவளைத் தூங்க விட்டேன்.